பின்னத்துக்கு ஒரே பயிற்சித்தாள், மூன்று நிலைகள்: மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூணு தாளையும் தனித்தனியா தயாரிக்கணுமா? எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

தனித்தனியாகத் தயாரிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அது மூன்று பாடமாகப் போய்விடும், ஒரு குழு கொய்யாப்பழம் எண்ணிக்கொண்டிருக்கும், இன்னொன்று வட்டத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கும், மணி அடிப்பதற்கு முன் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசலாம் என்றால் பேசுவதற்குப் பொதுவாக ஒரு கேள்வி இருக்காது.

நான் முதலில் கடினமான தாளைத்தான் எழுதுவேன். அதில் படம் குறைவு, கோடு போடாத வெறும் பட்டை, கேள்வி முழு வாக்கியமாக இருக்கும். அதை இரண்டு படி எடுத்து, ஒரு படியில் பேனாவால் கொஞ்சம் உதவி சேர்ப்பேன், உதாரணமாக பட்டையின் நடுவில் ஒரு கோடு. இன்னொரு படியில் முழு உதவியும் சேர்ப்பேன்: எல்லாக் கோடுகளும், பங்கு வைக்கத் தட்டுகளும். அவ்வளவுதான், மூன்று தாள் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் முழு உதவி உள்ளதை அ தாள், பாதி உதவி உள்ளதை ஆ தாள், உதவி இல்லாததை இ தாள் என்று சொல்கிறேன்.

எளிய தாளிலிருந்து தொடங்கி மேலே போகலாமே என்று தோன்றும், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். அதில் என்ன ஆகிறது என்றால் எளிய தாள் வெறும் வண்ணமடிக்கும் தாளாக நின்றுவிடுகிறது, அந்தப் பிள்ளை முக்கியமான கேள்வியைச் சந்திப்பதே இல்லை. மேலிருந்து இறங்கினால் மூன்று தாளிலும் கடைசிக் கேள்வி ஒன்றாகவே இருக்கும், அங்கே போய்ச் சேரும் வழி மட்டும்தான் மாறும்.

யாருக்கு எந்தத் தாள்னு எப்படி முடிவு பண்றது? தனியா ஒரு தேர்வு வைக்கணுமா?

முந்தைய நாள் கடைசி ஐந்து நிமிடம் போதும், துண்டுக் காகிதத்தில் மூன்று கேள்வி. மதிப்பெண் போடாதீர்கள், என்ன தவறு செய்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

முதல் கேள்வி: ஒரு பட்டையை நான்காகப் பிரித்திருக்கிறேன், ஆனால் துண்டுகள் சமமில்லை, ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிது. அந்தப் பெரிய துண்டுக்கு நிழல் அடித்திருக்கும். "இது 1/4 ஆ? ஏன்?" என்று கேட்பேன். ஆமாம் இல்லை என்பதைக் குருட்டுத்தனமாகவும் சொல்லலாம் என்பதால் அந்த "ஏன்" முக்கியம், எழுத வராத பிள்ளையிடம் பக்கத்தில் போய் வாயால் கேட்டுக்கொள்வேன்.

இரண்டாவது: ஐந்து சம பாகங்கள் உள்ள பட்டையில் 2 பாகத்துக்கு நிழல். பின்னம் எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 2/3 என்று எழுதுவார்கள். நிழல் உள்ளது 2, இல்லாதது 3. அவர்கள் முழுசைப் பார்க்கவில்லை, பாகத்தை மீதியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது: 1/3, 1/4 இரண்டில் எது பெரியது? இங்கே வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 1/4 என்று எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள், 4 பெரிய எண் என்பதுதான் அவர்கள் இத்தனை நாள் படித்தது.

முதல் கேள்வியிலேயே தவறினால் அ தாள். முதலாவது சரி, ஆனால் இரண்டிலோ மூன்றிலோ தடுமாற்றம் என்றால் ஆ தாள். மூன்றும் சரி, காரணமும் சொன்னால் இ தாள். போன முறை என் வகுப்பில் 32 பேருக்கு இது 9, 16, 7 என்று வந்தது. நீங்கள் படி எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கூடுதலாக எடுத்து வையுங்கள், பாதியில் தாள் மாற்றிக் கொடுக்க வேண்டிய பிள்ளை கட்டாயம் இருக்கும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்துல ஏற்கனவே அரும்பு, மொட்டு, மலர்னு குழு இருக்கே. அதையே வச்சுக்கலாமா?

அந்தக் குழுக்களை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் திட்டம் வந்ததிலிருந்து நமக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்கள் பழகிவிட்டன. ஆனால் பின்னத்துக்கு மட்டும் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

கூட்டல், கழித்தலில் தடுமாறுகிற பிள்ளை வீட்டில் தம்பி தங்கைக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துப் பழகியிருக்கும், பின்னத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நான்கு இலக்க எண்ணைக் கடகடவென்று கூட்டுகிற பிள்ளைதான் 1/8 என்பது 1/2ஐவிடப் பெரியது என்று உறுதியாக நிற்கும், ஏனென்றால் முழு எண்ணில் அதற்கு இருக்கிற நம்பிக்கைதான் இங்கே குறுக்கே வருகிறது. என் வகுப்பில் மலர் குழுவில் இருந்த இரண்டு பேர் அந்த மூன்று கேள்விகளுக்குப் பிறகு அ தாளுக்கு வந்தார்கள், அரும்பில் இருந்த ஒரு பெண் இ தாளுக்குப் போனாள். அவளுக்குத் தமிழ் வாசிப்பதுதான் சிரமம், பங்கு போடுவது இல்லை. பக்கத்தில் இருப்பவள் கேள்வியை வாசித்துச் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்தேன்.

ஒரு கேள்வியை மூணா பிரிச்சுக் காட்ட முடியுமா?

சரி, கொய்யாக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று தாளிலும் வர வேண்டிய கடைசிக் கேள்வி இது: "கூடையில் 12 கொய்யா. அதில் 3/4 பங்கை விற்றுவிட்டார்கள். விற்றது எத்தனை?" விடை 9.

இ தாளில் கேள்வி இப்படியே வாக்கியமாக இருக்கும், அதன் கீழே 12 செ.மீ. நீளத்தில் ஒரு வெறும் பட்டை, வேறு எதுவும் இல்லை. பிள்ளை பட்டையை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 3 என்று எழுதலாம், அல்லது மனக்கணக்காகவே போடலாம். பட்டை 12 செ.மீ. இருப்பதற்குக் காரணம் உண்டு. 15 செ.மீ. ஸ்கேலை வைத்து அளந்தால் 1/2 என்பது 6, 1/3 என்பது 4, 1/4 என்பது 3, 1/6 என்பது 2, எல்லாமே முழு செ.மீ.யில் வந்து விழும். 10 செ.மீ. பட்டை போட்டால் 1/4க்கு 2.5 வரும், 1/3க்கு வழியே இல்லை, பிள்ளை அளப்பதிலேயே சோர்ந்துவிடும்.

ஆ தாளில் அதே 12 செ.மீ. பட்டை, நடுவில் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பேன். மேலே 12 கொய்யாவையும் ஒரே வரிசையில் வரைந்திருப்பேன், குழுவாகப் பிரிக்காமல். கேள்வி மூன்று படியாக இறங்கும்: 12இல் 1/2 பங்கு எத்தனை, 1/4 பங்கு எத்தனை, 3/4 பங்கு எத்தனை. பாதியின் பாதிதான் கால் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க அந்த ஒற்றைக் கோடு போதும்.

அ தாளில் நான்கு வெறும் தட்டுகள் வரைந்திருக்கும், கையில் 12 புளியங்கொட்டை கொடுப்பேன். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போ, தீரும்வரை. ஒரு தட்டில் எத்தனை? 3. எல்லாத் தட்டிலும் ஒரே அளவு இருக்கிறதா? இருக்கிறது. அப்படியென்றால் ஒரு தட்டில் இருப்பது கால் பங்கு. இனி மூன்று தட்டைக் கையால் மூடு, மூடியதில் எத்தனை? 9. அந்த இடத்தில் நான் "முக்கால்" என்ற சொல்லைச் சொல்வேன், மூன்று கால் சேர்ந்தால் முக்கால், மூன்று தட்டு மூடினாயே அதுதான். இந்தச் சொல்லிலேயே கணக்கு இருப்பது நமக்குக் கிடைத்த வசதி, அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது மூன்று குழுவும் 9 என்ற ஒரே விடையில் நிற்கிறது. ஒருவர் தட்டைக் காட்டலாம், ஒருவர் கோட்டைக் காட்டலாம், ஒருவர் பட்டையைக் காட்டலாம், பேச விஷயம் இருக்கும்.

எளிய தாள்னா சின்ன எண் போட்டாலே போதாதா? 12க்குப் பதிலா 4 போட்டா ஆச்சு.

சின்ன எண்ணில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, சில எண்களில் தவறான யோசனைக்கும் சரியான விடை வந்துவிடும். "4இல் 1/2 பங்கு எத்தனை" என்று கேட்டால் 2. ஒன்றுமே புரியாமல் பின்னத்தின் கீழ் எண்ணை அப்படியே எழுதிய பிள்ளையும் 2 என்றுதான் எழுதும், நீங்கள் சரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். 9இல் 1/3 கேட்டாலும் இதே கதை, 16இல் 1/4 கேட்டாலும் இதே கதை. இந்த மூன்று ஜோடியையும் தாளில் வைக்காதீர்கள். 12இல் 1/4 கேட்டால் கீழ் எண்ணை எழுதுகிறவர் 4 என்று எழுதுவார், புரிந்தவர் 3 என்று எழுதுவார், உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அதைவிட நுட்பமான ஒன்று உண்டு, இதை நான் கவனிக்கவே பல வருடம் ஆனது. 12இல் 1/4 என்றதும் சில பிள்ளைகள் நான்கு நான்காக வட்டம் போடுவார்கள், மூன்று வட்டம் வரும், "3" என்று எழுதுவார்கள். விடை சரி. ஆனால் அவர்கள் நான்கு சம பங்காகப் பிரிக்கவில்லை, நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த எண் போட்டாலும் இது பிடிபடாது, ஏனென்றால் 20 போட்டாலும் இரண்டு வழியிலும் 5தான் வரும். 3/4 கேட்டால்தான் வெளியே வரும்: அந்தப் பிள்ளை நான்கு உள்ள வட்டம் மூன்றை எடுத்து, 12இல் முக்கால் பங்கு 12 என்று எழுதும். அதனால்தான் பொதுக் கேள்வியை 1/4இல் நிறுத்தாமல் 3/4 வரை கொண்டுபோகிறேன். விடையை மட்டும் பார்த்துத் திருத்தாமல், வட்டம் எப்படிப் போட்டிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் உதவியைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், அது போதாதபோதுதான் எண்ணை மாற்றுங்கள்.

எல்லாக் கோடும் போட்டுக் கொடுத்தா அ தாள் பிள்ளைங்க எண்ணி வண்ணம் அடிச்சுட்டுப் போயிடறாங்களே?

உண்மைதான், அ தாளில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். நான்கு கட்டம் போட்டு "3/4 வண்ணமிடு" என்றால் பின்னம் தெரிய வேண்டியதே இல்லை, மேலே 3 இருக்கிறது, மூன்று கட்டம் அடித்தால் முடிந்தது. பத்துக் கேள்வியும் சரியாகச் செய்த பிள்ளைக்கு அடுத்த நாள் ஒன்றும் தெரியாது.

இதற்கு ஒரு கேள்வி சேர்த்தால் போதும். எட்டுக் கட்டம் உள்ள ஒரு பட்டையைக் கொடுத்து "1/4 வண்ணமிடு" என்று கேளுங்கள். மேல் எண்ணைப் பார்த்து அடிக்கிற பிள்ளை ஒரு கட்டம் அடிக்கும், கீழ் எண்ணைப் பார்க்கிற பிள்ளை நான்கு அடிக்கும், நான்கு சம பங்கு என்று யோசிக்கிற பிள்ளை இரண்டு அடிக்கும். ஒரே பார்வையில் வகுப்பு முழுவதும் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஒரு கட்டம் அடித்த பிள்ளையிடம் தவறு என்று சொல்லாமல், அதே நீளத்தில் ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்து நான்காக மடிக்கச் சொல்லி, மடித்த துண்டைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அது இரண்டு கட்டத்தை மூடும். அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்காது.

வட்டம், தோசை எல்லாம் படம் போடலாமா? புத்தகத்துல அப்படித்தானே இருக்கு.

அரை, கால் என்றால் போடலாம். மூன்றில் ஒன்று வந்ததும் வட்டத்தை விட்டுவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளையால் வட்டத்தைக் கையால் மூன்று சம பாகமாகப் பிரிக்க முடியாது, பெரியவர்களுக்கே கை கோணும், மேலிருந்து கீழாக இரண்டு நேர்கோடு போட்டு "மூணு" என்று காட்டுவார்கள், நடுத்துண்டு கொழுத்திருக்கும், ஓரத்துண்டுகள் இளைத்திருக்கும். அப்போது நீங்கள் சோதிப்பது வரைகிற திறமையை, பின்னத்தை அல்ல.

காகிதப் பட்டைதான் நல்லது. A4 தாளை நீளவாக்கில் 3 செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் ஏழு பட்டை கிடைக்கும், ஒவ்வொன்றையும் 24 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். 24 என்பதால் 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் பிரியும். 32 பேருக்கு ஐந்து தாள் போதும்.

மடிப்பதிலும் ஒன்று கவனியுங்கள். 1/3 காட்டு என்றதும் என் வகுப்பில் ஒரு பையன் பட்டையை இரண்டாக மடித்தான், மறுபடி இரண்டாக மடித்தான், விரித்துப் பார்த்தான், நான்கு துண்டு இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஓரத் துண்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, "டீச்சர், இப்ப மூணு" என்று நீட்டினான். அவன் கையில் மூன்று சம துண்டு இருப்பதென்னவோ உண்மை, ஆனால் முழுசு மாறிவிட்டது. கிழித்த துண்டை வாங்கி மறுபடி ஒட்டவைத்து, "இந்த முழுப் பட்டையில மூணுல ஒரு பங்கு எங்கே?" என்று கேட்டபோது அவனுக்கே சிக்கல் புரிந்தது. அன்றிலிருந்து அ, ஆ தாள்களில் பட்டையின் இரண்டு ஓரத்திலும் ஒரு தடித்த கோடு போட்டுவிடுகிறேன், முழுசு இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று தெரிவதற்கு.

நாலுல மூணுன்னு சொன்னா 4/3னு எழுதறாங்க. எவ்வளவு சொன்னாலும் மாற மாட்டேங்குது.

பிள்ளையின் மேல் குறை இல்லை, தமிழ் சொல்லும் வரிசை அப்படி. நாம் "நான்கில் மூன்று" என்று கீழ் எண்ணை முதலில் சொல்கிறோம், எழுதும்போது மேலிருந்து தொடங்குகிறோம். காதில் விழுந்த வரிசையில் மேலிருந்து எழுதினால் 4/3தான் வரும்.

அந்த வரிசை புரிதலுக்கு நல்லது: முதலில் முழுசை எத்தனையாகப் பிரித்தோம், அப்புறம் எத்தனை எடுத்தோம். அதனால் சொல்லும் முறையை மாற்றாதீர்கள், எழுதும் முறையை அதற்குப் பொருத்துங்கள். அ தாளில் பின்னம் எழுதும் இடத்தில் நடுக்கோடும், அதன் மேலும் கீழும் ஒவ்வொரு கட்டமும் போட்டிருப்பேன். கீழ்க் கட்டத்தை முதலில் நிரப்பு, "நான்கில்", பிறகு மேல் கட்டம், "மூன்று". ஆ தாளில் நடுக்கோடு மட்டும் இருக்கும், கட்டம் இருக்காது. இ தாளில் வெற்றிடம். தொகுதி, பகுதி என்ற பெயர்களை இந்த வாரம் அ தாளில் கொண்டுவரவே வேண்டாம், எது மேலே எது கீழே என்று குழம்புவதற்கு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

நல்லா செய்யற பிள்ளைங்க பத்து நிமிஷத்துல முடிச்சுடறாங்க. அவங்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுக்கவா?

அதே மாதிரி இன்னும் பத்து கொடுத்தால் சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை கொடுத்த மாதிரி ஆகும், அடுத்த முறை மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்வார்கள். 17/24 மாதிரி பெரிய எண் போடுவதாலும் யோசனை ஆழமாவதில்லை.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். "ஒரு கூடையில் 1/4 பங்கு 5 பழம். கூடையில் மொத்தம் எத்தனை?" இதுவரை முழுசிலிருந்து பங்குக்குப் போனவர்கள் இப்போது பங்கிலிருந்து முழுசுக்கு வர வேண்டும், 20 என்று வருவதற்குள் நிறையவே யோசிப்பார்கள். அதையும் முடித்தவர்களுக்கு, "1/4 பங்கு 5 பழம் என்றால் 3/4 பங்கு எத்தனை" என்று ஒரு படி மேலே.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இன்னொன்று இருக்கிறது, அதற்கு ஒரே விடை கிடையாது: "கவினிடம் இருந்ததில் 1/2 பங்கைக் கொடுத்தான். மலரிடம் இருந்ததில் 1/4 பங்கைக் கொடுத்தாள். ஆனால் மலர் கொடுத்ததுதான் அதிகம். அது எப்படி?" கவினிடம் 4 இருந்து 2 கொடுத்திருக்கலாம், மலரிடம் 20 இருந்து 5 கொடுத்திருக்கலாம். முழுசு வேறாக இருந்தால் பின்னத்தை மட்டும் வைத்து எது அதிகம் என்று சொல்ல முடியாது என்பதை இந்த ஒரு கேள்வி கொண்டுவந்துவிடும். இதற்கு ஏழு பேரும் பதினைந்து நிமிடம் தங்களுக்குள் வாதம் செய்தார்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் இந்தத் தாள்?"னு கேட்டா என்ன சொல்றது?

கேட்காமல் இருக்கிற மாதிரி தாளைத் தயாரிப்பது பாதி வேலை. மூன்று தாளுக்கும் ஒரே தலைப்பு, ஒரே எண்ணிக்கையில் கேள்விகள், ஒரே அளவு எழுத்து. எளிய தாளில் பெரிய எழுத்தும் பொம்மைப் படமும் போட்டால் அங்கேயே தெரிந்துவிடும். நிலையின் பெயரை எழுதாதீர்கள், எனக்கு அடையாளம் தெரிவதற்காகப் பக்க எண்ணைச் சுற்றி வட்டம், சதுரம், முக்கோணம் என்று போட்டுவைக்கிறேன்.

அப்படியும் கேட்பார்கள், எட்டு வயதில் கண்ணுக்குத் தப்பாது. அப்போது மழுப்பாமல் சொல்லிவிடுவேன்: "உனக்கு இன்னைக்கு தட்டு வச்சுப் பார்த்தா நல்லா புரியும்னு நினைச்சேன். தட்டு இல்லாம செஞ்சு பார்க்கணும்னா இந்தா, அந்தத் தாளும் எடுத்துக்கோ." எடுத்துக்கொண்டு செய்துவிட்ட பிள்ளைகள் உண்டு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே தட்டு உள்ள தாளுக்குத் திரும்பிய பிள்ளைகளும் உண்டு.

ஒரே ஆள், 40 நிமிஷம், மூணு குழு. எப்படிச் சமாளிக்கறது?

முதல் 8 நிமிடம் எல்லோரும் சேர்ந்து பட்டை மடிப்பது, அடுத்த 20 நிமிடம் தாள், கடைசி 12 நிமிடம் பொதுக் கேள்வியைப் பற்றிப் பேசுவது. தாள் நேரத்தில் முதல் பத்து நிமிடம் அ தாள் குழுவோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன், ஏனென்றால் அவர்களுக்குக் கேள்வியை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும், பல சமயம் தடுக்குவது பின்னத்தில் இல்லை, வாக்கியத்தில். அடுத்த பத்து நிமிடம் ஆ தாள் வரிசைகளுக்கு நடுவே நடை. இ தாள் குழுவுக்கு நான் கிட்டத்தட்டப் போவதில்லை, அதனால் அந்தத் தாளில் உள்ள வாக்கியங்கள் என்னைக் கூப்பிடாமல் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்துவிடுவேன்.

கடைசி 12 நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தாள் முடியாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். பேச முதலில் அ தாள் பிள்ளையைத்தான் கூப்பிடுவேன், தட்டும் புளியங்கொட்டையும் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும், அதன் மேல் மற்றவர்கள் பட்டையைப் பொருத்திப் பார்க்கலாம். இ தாள் பிள்ளை முதலில் "பன்னிரண்டை நாலால வகுத்து மூணால பெருக்கணும்" என்று சொல்லிவிட்டால் மற்ற 25 பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

மூணு விதமா ஜெராக்ஸ் எடுக்கப் பள்ளியில வசதி இல்லையே?

இ தாளை மட்டும் எல்லோருக்கும் எடுங்கள், அதுவும் முடியாவிட்டால் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வெறும் பட்டையை நோட்டில் 12 செ.மீ.க்கு வரையச் சொல்லுங்கள். ஆ நிலைப் பிள்ளைகளின் பட்டையில் நடுக்கோட்டை நீங்களே பென்சிலால் போட்டுக்கொண்டே போகலாம், 16 பேருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அ நிலைக்குத் தட்டை வரைந்து தர வேண்டியதில்லை, தரையில் சாக்கட்டியால் நான்கு வட்டம் போட்டு இருவர் இருவராக உட்காரவைத்தால் ஆயிற்று. கைக்கு அருகே இருக்கும் எந்தக் கொட்டையும் கூழாங்கல்லும் போதும், ஒரு கூட்டத்துக்கு 12 சரியாக இருக்கிறதா என்று மட்டும் எண்ணிக் கொடுங்கள், 11 இருந்துவிட்டால் அரை மணி நேரம் வீண்.

எப்ப ஒரு பிள்ளையை அடுத்த தாளுக்கு மாத்தறது?

மதிப்பெண்ணை வைத்து மாற்றாதீர்கள், உதவியை எடுத்துப் பார்த்து மாற்றுங்கள். அடுத்த நாள் அ தாளில் தட்டை எடுத்துவிட்டு 12 புள்ளிகளும் வெறும் பட்டையும் மட்டும் கொடுங்கள். பிள்ளை தானாகவே நான்கு வட்டமோ நான்கு கோடோ போட்டுக்கொண்டு பங்கு வைத்தால் ஆ தாளுக்குத் தயார். நான்கு நான்காக வட்டம் போட ஆரம்பித்தால் இன்னும் இரண்டு நாள் தட்டு வேண்டும்.

ஆ தாளிலிருந்து மேலே போக நான் பார்ப்பது ஒரு வாக்கியத்தைத்தான். 1/3, 1/4 எது பெரியது என்று கேட்டு ஏன் என்றால், "நிறைய பேருக்குப் பிரிச்சா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கிடைக்கும்" என்கிற மாதிரி ஏதாவது சொந்த வார்த்தையில் வர வேண்டும். "கீழே சின்ன எண் இருந்தா பெரிசு" என்று சொன்னால் அது நாம் சொல்லிக்கொடுத்த விதியை ஒப்பிப்பது, 3/4ஐயும் 1/3ஐயும் நீட்டினால் 1/3தான் பெரிசு என்பார்கள். அந்த ஜோடியைத் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், விதியா புரிதலா என்று அங்கேயே பிரிந்துவிடும்.

இறங்குவதும் உண்டு. கொய்யாக் கணக்கில் இ தாள் செய்த பிள்ளை எண்கோட்டில் 3/4ஐக் குறிக்கும்போது அ தாளுக்கு வரலாம், இடைவெளிகளை எண்ணாமல் கோடுகளை எண்ணி ஒரு இடம் தள்ளிக் குறிப்பார்கள். அதனால் ஒவ்வொரு புதுப் பாடத்துக்கும் முந்தைய நாள் அந்த ஐந்து நிமிடத் துண்டுக் காகிதத்தை மறுபடி வைக்கிறேன், பழைய பட்டியலைப் பார்ப்பதில்லை.